மெலிந்த மனிசனின் ஈரல்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை. கல்முனை பஸாரில் எந்தப் புடைவைக் கடைக்குள்ளும் கால் வைக்க இடமில்லை. ஸஹீத் தன் கடையில் ஒரு பெண்ணுக்கு அபாயாத் துணி அளந்துகொண்டிருந்தார். பாதியில் கையை நிறுத்தி, மேசை விளிம்பைப் பிடித்தார். குனிந்தார். வாயிலிருந்து இரத்தம் கொட்டியது. எச்சிலில் கலந்த சிவப்பல்ல. கட்டியும் தண்ணீருமாக, ஒரு சட்டி நிறைய இருக்கும் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

அவருடைய மனைவி றஹீமாவுக்குச் செய்தி போனபோது, மகளுக்கென்று கட்டிய வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் அம்ஹாவுக்குப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று நாள் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் இஞ்சினியர். றஹீமா கேத்தலை அடுப்பிலேயே விட்டுவிட்டு, போட்டிருந்த உடுப்போடு ஓடினாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொண்டே அவரை மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அங்கே தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, வெடித்த இரத்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். மறுநாள் வார்டில் ஓர் இளம் டொக்டர் வந்தார். களைத்துப்போயிருந்தார். கட்டிலின் தலைமாட்டில் நின்று, எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"குடிப்பீங்களா? சாராயம், பியர், எதுவும்?"

"இல்ல," என்றார் ஸஹீத்.

"உண்மையச் சொல்லுங்க. ஈரல் இறுகிப் போயிருக்கு. மறைச்சா வைத்தியம் செய்ய ஏலாது."

"இல்ல டொக்டர்."

டொக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் கேட்டதில் பிழையில்லை. ஈரல் இறுகி வருகிற எவரிடமும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அடுத்த கட்டிலில் கிடந்தவரைப் பார்க்கக் கல்முனைக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுக்கு ஸஹீதைத் தெரியும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இருப்பவரை யாருக்குத்தான் தெரியாது. டொக்டரின் கேள்வி அவர்கள் காதில் விழுந்தது. பதில் விழுந்ததோ என்னவோ, ஊருக்கு வந்து சேர்ந்தது கேள்வி மட்டும்தான்.

ஸஹீதைப் போல மெலிந்த மனிதனைக் கண்டால் யாருக்கும் ஈரலில் கொழுப்பு என்ற எண்ணம் வராது. முழங்கை எலும்பு தெரியும். சட்டைக் கழுத்துக்குள் கழுத்து ஆடும். சாரத்துக்கு மேலே மட்டும் ஒரு சிறிய தொப்பை, பூசணிப் பிஞ்சைக் கட்டி வைத்தமாதிரி. றஹீமாவின் அண்ணன் முர்ஷித் காக்கா நூறு கிலோவைத் தாண்டியவர். விருந்துகளில் புரியாணிச் சஹன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மச்சானின் தொப்பையைத் தட்டி, இது நான் பார்த்துப் பொறாமைப்படுகிற உடம்பு, என்னத்தைத் தின்றாலும் ஒட்டாது என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஸஹீதும் சிரிப்பார். சில வருசங்களாக நீரிழிவுக்குக் குளிசை போட்டார். அந்தச் சீனி வருத்தத்தையும், வாப்பாவுக்கும் இருந்தது, பரம்பரை நோய் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஆகவே ஊர் தனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டது. குண்டனில்லை, ஈரல் பழுது. அப்படியென்றால் ஒன்றுதான். அதோடு மாதம் ஒருமுறை கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகிற மனிதன். இரண்டு நாள் லொட்ஜில் தங்குகிறவர். அங்கே யார் கண்டது?

கேள்வி றஹீமாவிடமும் வந்தது. வெளியிலிருந்து வரவில்லை என்பதுதான் அவளுக்குப் பிறகு தாங்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அது அவளுக்குள்ளேயே முளைத்தது. கொழும்புப் பயணங்களை ஒவ்வொன்றாக நினைத்தாள். வந்த அன்று குளித்துவிட்டுத்தான் கிட்ட வருவார். பஸ் தூசு என்பார். சில நாள் ஏலக்காய் மென்றுகொண்டு வருவார். இருபத்தாறு வருசம் அந்த ஏலக்காயைப் பற்றி அவள் நினைத்ததே கிடையாது.

அவர் கண் விழித்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"நான் ஒருத்தருக்கும் வாய் திறந்து செல்ல மாட்டன். கொழும்புக்குப் போற நேரம், யாரும் வற்புறுத்தி, ஒருக்காவெண்டாலும்..."

ஸஹீத் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை.

"ஏழு வருசத்துக்கு முன்ன செல்லியிருந்தா, அண்டைக்கும் நீ இதத்தான் கேட்டிருப்பாய்," என்றார்.

"எத?"

அவர் சொன்னார். ஏழு வருசத்துக்கு முன்பு கொழும்பில் நின்றபோது வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். கூடச் சரக்கெடுக்க வந்த ஒருவர் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தார். ஈரலில் கொழுப்பு நன்றாகப் படிந்திருக்கிறது என்றார்கள். அங்கிருந்த டொக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்தால் மெலிவாக இருக்கிறது, அப்போ குடிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் சிரித்தார். ஊருக்குப் போய்க் கிளினிக்கில் காட்டுங்கள் என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு ஸஹீத் எங்கும் காட்டவில்லை. றிப்போட்டை பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டார். ஊர்க் கிளினிக்கில் மருந்தெடுக்க நிற்கிறவர்கள் பாதிப்பேர் தெரிந்த முகங்கள். ஈரல் என்ற சொல் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பாரமும் மறுகா, கொஞ்ச நாளால, இல்லாமப் போயிட்டு," என்றார். "எனக்குச் சுகம் எண்டுதான் நினைச்சன்."

றஹீமா அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் கையைப் போர்வைக்குள் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, அவர் உயிரோடு இருந்த காலம் முழுதும், அவளோடு கதைக்க வேண்டியதைக் கதைத்தார். மருந்து நேரம், கடை விசயம், கறிக்கு உப்பு வேண்டாம். அவ்வளவுதான்.

டொக்டர் கிருசிகாவை அவர்கள் பார்த்தது வீட்டுக்கு வந்து சில கிழமை கழித்து, கிளினிக்கில். காரைதீவுப் பெண். ஸஹீதைச் சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே அளவு நாடாவைச் சுற்றினாள். தொண்ணூற்றாறு சென்ரிமீற்றர். நம்முடைய ஆண்களுக்குத் தொண்ணூறு தாண்டினாலே கவனம் என்றாள். நிறை உயரத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகு அவர் மேல்கையைப் பிடித்துப் பார்த்தாள். சதையே இல்லை.

றஹீமா அம்ஹாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். டொக்டர் சொல்வதில் ஒன்றையும் தவறவிடக் கூடாதென்று இருவரும் முன்னுக்கு நகர்ந்து இருந்தார்கள்.

"தராசு எடையை மட்டும்தான் காட்டும்," என்றாள் கிருசிகா. "கொழுப்பு எங்க இருக்கெண்டு காட்டாது. சிலருக்குத் தோலுக்குக் கீழ கொழுப்பைச் சேர்த்து வைக்கிற இடம் குறைவு. அதால மெலிவாத் தெரிவாங்க. மிஞ்சினது குடலைச் சுத்திப் படியும், ஈரலுக்குள்ள போகும். இன்சுலின் சுரக்கும், ஆனா உடம்பு அதுக்குக் கீழ்ப்படியாது. அப்ப இன்னும் கூடச் சுரக்கும். கூடின இன்சுலின், தின்னுற சோத்தையும் சீனியையும் ஈரல்ல கொழுப்பாக்கிக்கொண்டே இருக்கும். வலி இருக்காது. வருசக்கணக்கில அழற்சி வந்து, தழும்பு வந்து, ஈரல் இறுகும். இறுகின ஈரலுக்குள்ளால இரத்தம் போக ஏலாம, தொண்டைக் குழாயில இரத்த நாளம் புடைச்சு வெடிக்கும். இவருக்கு நடந்தது அதுதான்."

"அப்ப குடிக்காமலே வருமா டொக்டர்?" என்று றஹீமா கேட்டாள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தாள்.

"வரும். நிறையப் பேருக்கு வருது. இவர்ட இரத்தத்தில, ஸ்கேனில, கதையில குடிக்கு ஒரு அறிகுறியும் எனக்குத் தெரியேல்ல. சீனி வருத்தம் இருக்கு, இரத்தத்தில கொழுப்பு இருக்கு, இடுப்பு இருக்கு. வாப்பாவுக்கும் கடைசியில வயிறு வீங்கினதெண்டு சொல்றீங்க. எனக்கு அது காணும், வேற காரணம் தேவையில்ல."

ஏழு வருசத்துக்கு முன்பு வந்திருந்தால் என்று யாரும் கேட்கவில்லை. கிருசிகாதான், தழும்பு விழுவதற்கு முந்திய காலத்தில் கொழுப்பைக் கரைத்து ஈரலைத் திருப்பி எடுக்கலாம் என்று பொதுவாகச் சொன்னாள். ஸஹீத் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் காலையிலிருந்து இரவு வரை கதிரையில் இருந்து, வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் சீனி போட்ட பிளேன்டி குடித்த வருசங்கள் அவை.

புறப்படும்போது கிருசிகா அம்ஹாவை நிற்கச் சொன்னாள். அம்ஹா மெலிவு. வாப்பாவின் உடல்வாகு. பர்தாவைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லிக் கழுத்தின் பின்புறத்தைப் பார்த்தாள். மடிப்பில் அழுக்குப் படிந்தமாதிரிக் கறுப்பு. தேய்த்தால் போகாத கறுப்பு; றஹீமா அதற்குக் கடலைமாவும் தயிரும் பூசிக்கொண்டிருந்தாள், கல்யாணப் பெண் என்று. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கிருசிகா கேட்டாள். இல்லை. இன்சுலினுக்கு உடம்பு கீழ்ப்படியாததன் அடையாளமாக இருக்கலாம், இவவையும் ஒருக்கா வெறும் வயிற்றோடு கூட்டிவாருங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸஹீத் சொன்னார்:

"அவள எங்கயும் கொண்டு போகக் கூடாது. ஒரு வீட்டில ரெண்டு ஈரலா? ஆர் வந்து கல்யாணம் முடிப்பான்?"

அந்த வாரம்தான் பள்ளிவாசல் தலைவர் ஆதம்பாவா ஹாஜியார் சுகம் விசாரிக்க வந்தார். ஒரு பை தோடம்பழமும் மால்ட் மாவுப் பெட்டியுமாக வந்தார். நல்ல மனிதர். வெள்ளக் காலத்தில் வீடு வீடாகச் சோறு கொண்டுபோனவர். ஸஹீதின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். றஹீமா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"தம்பி, மனிசன் எண்டாத் தவறுவான். அல்லாஹ்ட வாசல் அடைபடல்ல. ஒரு தவ்பா செய்ங்க, மன்னிப்புக் கேளுங்க. மனசு லேசாகும்."

"எதுக்கு ஹாஜியார்?"

"அது உங்களுக்கும் படைச்ச றப்புக்கும் இடையில. நான் அறியத் தேவயில்ல."

"எனக்கும் தெரியல்லயே," என்றார் ஸஹீத். "தெரிஞ்சாச் செய்யலாம்."

ஹாஜியார் வருத்தத்தோடு தலையசைத்தார். மறுக்கிறவனைப் பார்க்கிற வருத்தம் அது. பிறகு, சுகம் வரும்வரை சபை வேலையிலிருந்து ஓய்வெடுக்கலாமே, யாரும் சொல்லச் சொல்லவில்லை, தானாகத்தான் சொல்கிறேன் என்றார். ஸஹீத் சரி என்றார். ஹாஜியார் போகும்போது துஆ ஓதிவிட்டுப் போனார்.

றஹீமா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். நாளைக்கே டொக்டர் கிருசிகாவிடம் போய், ஹாஜியாரோடு கதைக்கச் சொல்கிறேன் என்றாள். நீங்கள் சம்மதித்தால் அவ சொல்லுவா என்றாள்.

"குடிக்கல்ல எண்டு டொக்டர்ட வாயால சாட்சி கேட்டுத் திரியிற நிலைக்கு வந்தா," என்றார் ஸஹீத், "நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறன். எனக்காக ஒரு சாட்சி இரிந்திச்சு. அதுவே கேள்வி கேட்டுட்டு."

றஹீமா தோடம்பழங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். ஒவ்வொன்றாகக் கழுவினாள். கழுவியவற்றையே திரும்பவும் கழுவினாள்.

மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து தொலைபேசிதான் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா சுபைறா அழகாகக் கதைக்கிறவள். கட்டாரில் மகனுக்கு லீவு தரவில்லையாம். எப்போது தருவார்கள் என்று சொல்ல முடியாதாம். பெண் பிள்ளையைக் காத்திருக்க வைப்பது பாவமல்லவா என்றாள். நீங்கள் வேறு இடம் பார்த்தாலும் நாங்கள் மனம் வருந்த மாட்டோம் என்றாள். இரண்டு மாதம் கழியுமுன்பே அந்த மகனுக்கு லீவு கிடைத்தது. சாய்ந்தமருதில் வேறொரு பெண்ணோடு நிக்காஹ் நடந்தது. முர்ஷித் கோபத்தில் சுபைறா வீட்டு வாசலுக்குப் போய் நின்று கத்தினார். அதனால் ஊர் இன்னும் நாலு நாள் கூடக் கதைத்தது.

அம்ஹா அழுததை றஹீமா காணவில்லை. ஒருநாள் காலையில் மகள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் கண்டாள்.

"உம்மா, வாப்பா மறைச்சார். மறைச்சதால இப்பிடி ஆகிட்டு. நான் என்னத்துக்கு மறைக்கிற? ஆருக்காக? மாப்பிள்ளையும் போயிட்டார்."

றஹீமா கடலைமாவும் தயிரும் குழைத்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துப் போய்க் கழுவினாள். அடுத்த கிழமை, தைத்த உடுப்பு எடுக்கப் போகிறோம் என்று ஸஹீதிடம் சொல்லிவிட்டு, மகளைக் கிளினிக்குக் கூட்டிப்போனாள். கணவனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது. வரிசையில் தெரிந்த முகங்கள் இருந்தன. இரண்டு பேர் ஸலாம் சொன்னார்கள். ஒருத்தி, யாருக்கு வருத்தம் என்று கேட்டாள்.

"மகளுக்கு. ஈரல் பார்க்க வந்த," என்றாள் றஹீமா.

அம்ஹாவின் இடுப்பு எண்பத்தைந்து இருந்தது. பெண்களுக்கு எண்பது தாண்டக் கூடாது என்றாள் கிருசிகா. வெறும் வயிற்றுச் சீனி எல்லையில் நின்றது. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. ஆனால் ஈரலின் இறுக்கத்தை அளக்கிற மெசினில் பார்த்தபோது தழும்பு இல்லை. கிருசிகா அதைச் சொல்லும்போது குரலில் ஒரு வேகம் இருந்தது. இவ்வளவு மெலிந்தவள் பட்டினி கிடக்கத் தேவையில்லை; இரண்டு மூன்று கிலோ இடுப்பிலிருந்து போனாலே ஈரலில் கொழுப்புக் கரையும் என்றாள். சீனித் தேத்தண்ணி, சோடா, பலூடா வேண்டாம். சோறு அரைவாசி, மீனும் பருப்பும் கீரையும் கூடுதலாக. தினம் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும். கையிலும் காலிலும் சதை வைக்கப் பாரம் தூக்க வேண்டும். தின்கிற மாவையும் சீனியையும் வாங்கி எரிப்பது சதைதான்.

அம்ஹா கடற்கரையில் நடந்தாள். கூடத்தில் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கினாள். சொந்தக்காரப் பெண்கள் வந்து, காற்றில் பறக்கிற பிள்ளை எதற்குச் சோற்றைக் குறைக்கிறாள், மாப்பிள்ளை விட்டுப்போன ஏக்கத்தில் கிடக்கிறாளா என்று கேட்டு, இனிப்பு வட்டிலப்பத்தைக் கரண்டியால் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். றஹீமா கரண்டியை வாங்கி வைத்தாள். ஸஹீதுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. கடற்கரையிலிருந்து மகள் வந்து சேரும்வரை வாசல் கதிரையில் இருப்பார். வந்ததும் உள்ளே எழுந்து போவார்.

மாசி மாதத்தில் இன்னொரு சம்பந்தம் வந்தது. மருதமுனையில் கைத்தறிச் சாரம் நெய்கிற வீடு. பையனின் உம்மா வந்து பெண்ணைப் பார்த்தாள், பிடித்துவிட்டது. தட்டில் எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது. அம்ஹா தன் கோப்பையில் சீனி போடவில்லை. ஏன் மகள் என்று அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

கூடத்தில் ஸஹீத் றஹீமாவைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. பல மாதத்துக்குப் பிறகு அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டார், அதையும் கண்ணால். அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் ஒருவேளை எல்லாம் சரியாகும் என்று றஹீமா ஒரு கணம் நினைத்தாள்.

"அவளுக்கு ஈரல்ல கொஞ்சம் கொழுப்பிரிக்கி," என்றாள். "வாப்பாட வருத்தம். நேரத்துக்குக் கண்டுபிடிச்சதால மாறிக்கொண்டு வருகுது. டொக்டரே உங்களோட கதைப்பா, நீங்க விரும்பினா."

அந்தப் பெண் கோப்பையை வைத்தாள். நல்லது, அல்லாஹ் ஷிபாவையும் சுகத்தையும் தருவான் என்றாள். மிச்சத் தேத்தண்ணியையும் மரியாதைக்குக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனாள். பிறகு தொலைபேசிகூட வரவில்லை.

நோன்பு வருவதற்கு முன்பே ஸஹீதின் வயிற்றில் தண்ணீர் சேர்ந்தது. ஊசியால் எடுத்தார்கள், திரும்பச் சேர்ந்தது. கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே கிருமி பட்டு, காய்ச்சலும் பிதற்றலுமாக ஆஸ்பத்திரியில் மவுத்தானார். முகம் ஒடுங்கி, கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் பெருத்துக் கிடந்தது. பிதற்றலில் பெருநாளுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். றஹீமாவை வாடிக்கைக்காரி என்று நினைத்து, எத்தனை யார் துணி வேணும் என்று கேட்டார். அவள் ஒரு அளவு சொன்னாள்.

ஜனாஸாவுக்குச் சனம் நிறைய வந்தது. ஆதம்பாவா ஹாஜியார் துஆ ஓதினார். யா அல்லாஹ், இந்த அடியாரின் பாவங்களை மன்னித்தருள்வாயாக, மறைவானதையும் வெளிப்படையானதையும் என்றார். எல்லா மையித்துக்கும் ஓதுகிற துஆதான். உள்ளே பெண்களோடு இருந்த றஹீமாவுக்கு, மறைவானது என்ற சொல்லில் ஹாஜியாரின் குரல் கொஞ்சம் தாழ்ந்தமாதிரி இருந்தது. தாழ்ந்ததா, தன் காதுதான் அப்படிக் கேட்டதா என்று அவளால் நிச்சயிக்க முடியவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலத்தில் அவள் வெளியே இறங்கவில்லை. அம்ஹா தனியாகவே கிளினிக்குப் போய் வந்தாள். இடுப்பு இறங்கியிருந்தது, சீனியும் இறங்கியிருந்தது. ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லி முடிக்குமுன், வாப்பா இருந்திருந்தால் என்று நின்றுவிட்டாள்.

அன்றைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற றாஹிலா பார்க்க வந்தாள். றஹீமாவோடு ஒரு பள்ளியில் படித்தவள். சப்பாணி கட்டி உட்கார்ந்து, வந்தவர்கள் கதைப்பதையெல்லாம் கதைத்தாள். பிறகு கிட்ட நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்தி, கடைசிக் காலத்தில விட்டுட்டாராமே, அதுவே பெரிய விசயம்தானே புள்ள என்றாள்.

"அவர் அதத் தொட்டதேயில்ல," என்றாள் றஹீமா. "ஒரு நாளும் இல்ல. கொழுப்பால வந்த. மெலிஞ்ச ஆக்களுக்கும் வரும்."

"ஓம் ஓம்," என்றாள் றாஹிலா. றஹீமாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மெதுவாகத் தடவிக் கொடுத்தாள். "நீ அப்பிடித்தான் செல்லணும். பொஞ்சாதி எண்டா அப்பிடித்தான் இரிக்கணும்."